பெர்மாங்கனேட்டுக்கு ஏன் தனி நிறங்காட்டி வேண்டாம்?

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். வேதியியல் செய்முறையில் சோடியம் ஹைட்ராக்சைடு டைட்ரேஷனுக்குப் பினாப்தலீன் சேர்க்கிறோம். பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை பெர்மாங்கனேட்டோடு டைட்ரேட் செய்யும்போது மட்டும் எதையும் சேர்ப்பதில்லை. ரெக்கார்டில் ‘சுய நிறங்காட்டி’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறோம். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்த என் மாமாவோ, “இரும்பு பார்க்கும்போது நாங்கள் இன்டிகேட்டர் போடுவோம், ஊதா நிறம் வந்தால் முடிவு” என்கிறார். இரண்டு இடத்திலும் பார்ப்பது இரும்புதானே, யார் சொல்வது சரி? இன்னொன்று: போன வாரம் எனக்கு இளஞ்சிவப்பு வந்து ஒரு நிமிடத்தில் மறைந்துவிட்டது. பயந்து இன்னொரு சொட்டு விட்டேன். அந்தச் சொட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?
— பிளஸ் டூ மாணவி, குன்னம்

பதில்: உன் மாமா சொல்வதும் சரி, உன் ரெக்கார்டில் இருப்பதும் சரி. குடுவையில் இருக்கும் இரும்பு ஒன்றுதான். ஆனால் மாமாவின் பியூரெட்டில் இருந்தது பெர்மாங்கனேட் அல்ல, டைகுரோமேட். அதை ஏன் அங்கே தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு விடை உங்கள் ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் கூம்புக் குடுவைக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

பினாப்தலீனை எதற்குச் சேர்க்கிறோம்? பியூரெட்டில் உள்ள கரைசலுக்கும் நிறமில்லை, குடுவையில் உள்ளதற்கும் நிறமில்லை. வினை முடிந்து ஒரு சொட்டு காரம் மிஞ்சினாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த மிச்சத்தைப் பார்த்து நிறம் மாற மூன்றாவதாக ஒரு பொருள் தேவைப்படுகிறது. பெர்மாங்கனேட் விஷயத்தில் மிஞ்சும் பொருளுக்கே அடர்ந்த நிறம் இருக்கிறது. மரக்காலில் நெல் அளக்கும்போது நிறைந்துவிட்டதா என்று யாரும் கருவி வைத்துப் பார்ப்பதில்லை. விளிம்பு தாண்டி முதல் மணி உருண்டு விழுந்தால் நிறைந்துவிட்டது என்று தெரிந்துவிடுகிறது. உன் குடுவையில் தோன்றும் இளஞ்சிவப்பும் அப்படி வழிந்த பெர்மாங்கனேட்தான். அது சமான நிலையைக் காட்டவில்லை, சமான நிலையைத் தாண்டிய முதல் மிச்சத்தைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள், உன் இரண்டாம் கேள்விக்கு இதுதான் திறவுகோல்.

குடுவையில் நடக்கும் வினை இது:

MnO₄⁻ + 5 Fe²⁺ + 8 H⁺ → Mn²⁺ + 5 Fe³⁺ + 4 H₂O

ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. ஐந்து பெர்ரஸ் அயனிகள் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து பெர்ரிக் ஆகின்றன. பள்ளியில் நீ எடுக்கும் 0.1 நார்மல் பெர்மாங்கனேட், மோல் கணக்கில் 0.02 மோலார்தான் என்பது இந்த ஐந்தினால் வருகிறது.

இப்போது ஒரே ஒரு சொட்டைக் கணக்கிட்டுப் பார். பியூரெட்டின் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. அதில் 0.02 மோலார் கரைசல் என்றால் ஒரு மைக்ரோமோல் பெர்மாங்கனேட் இருக்கிறது. எடையில் சொன்னால் சுமார் 0.16 மில்லிகிராம் உப்பு. முடிவு நிலையில் உன் குடுவையில் எவ்வளவு திரவம் இருக்கும்? பிப்பெட்டில் எடுத்த 20 மில்லி, ஒரு சோதனைக் குழாய் நிறைய ஊற்றிய நீர்த்த சல்பியூரிக் அமிலம் ஒரு 20 மில்லி, பியூரெட்டிலிருந்து இறங்கிய 20 மில்லி. ஆக 60 மில்லி. அந்த ஒரு சொட்டு இதில் பரவினால் லிட்டருக்கு சுமார் 17 மைக்ரோமோல் செறிவு வரும். வெள்ளைப் பின்னணியில் நம் கண் பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பை லிட்டருக்கு 2 மைக்ரோமோல் அளவிலேயே கண்டுகொள்ளும். அதாவது ஒரு லிட்டர் நீரில் மூன்றில் ஒரு பங்கு மில்லிகிராம் கரைந்திருந்தால் போதும். ஒரு சொட்டு தரும் நிறம் அதைவிட எட்டு மடங்கு. எனவே முழுச் சொட்டு மிஞ்சக்கூட வேண்டாம், அதில் ஒரு பங்கு மிஞ்சினாலே நிறம் தெரிந்துவிடும்.

நிறம் அடர்த்தியாக இருந்தால் மட்டும் போதாது, வினையில் உண்டாகும் பொருள்கள் அந்த நிறத்தை மறைக்காமலும் இருக்க வேண்டும். பெர்மாங்கனேட் ஒடுங்கி Mn²⁺ ஆகிறது. அதற்கு உள்ளதே மிக வெளிறிய நிறம், உன் குடுவையில் இருக்கும் செறிவில் அது நிறமற்றது என்றே சொல்லலாம். இரும்பு Fe³⁺ ஆகிறது, சல்பியூரிக் அமிலத்தில் அதற்கு வெளிறிய மஞ்சள் நிறம். அந்த மஞ்சளின் மேல் இளஞ்சிவப்பு விழும்போது, சுத்தமான ரோஜா நிறமாக இல்லாமல் கொஞ்சம் செம்மஞ்சள் சாயலோடு தெரிவதை நீ கவனித்திருப்பாய். அது தவறில்லை. இரும்பு அதிகமாக இருந்து மஞ்சள் தொந்தரவு செய்தால் சிறிது பாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பார்கள். பெர்ரிக் அயனி பாஸ்பேட்டோடு சேர்ந்து நிறமற்ற அணைவாகிவிடும், இளஞ்சிவப்பு துல்லியமாகத் தெரியும்.

வினையின் வேகமும் முக்கியம். விழும் ஒவ்வொரு சொட்டும் அந்தக் கணமே நிறமிழக்க வேண்டும். பெர்ரஸ் இரும்பு குளிர்ந்த கரைசலிலேயே அப்படி வினைபுரிகிறது, சூடாக்கத் தேவையே இல்லை. சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பெர்ரஸை வேகமாகத் தின்னும், டைட்டர் மதிப்புதான் குறையும். இதே பெர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேட் செய்யும்போது 60-70 டிகிரி வரை சூடாக்கச் சொல்வார்கள். அங்கே முதல் சொட்டு விழுந்ததும் நிறம் போகாமல் நின்று, மெதுவாகத்தான் மறையும். உண்டாகும் Mn²⁺ தானே வினையை ஊக்குவித்த பிறகுதான் வேகம் பிடிக்கும். சூடாக்காமல் செய்கிற மாணவர்கள் முதல் சொட்டிலேயே முடிவு நிலை வந்துவிட்டதாக ஏமாறுவது அங்கேதான். ‘சுய நிறங்காட்டி’ என்ற சொல் பெர்மாங்கனேட்டுக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் இல்லை என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இது. எதிரே இருக்கும் பொருள் உடனுக்குடன் வினைபுரிந்தால்தான் அந்தப் பட்டம் செல்லும்.

இரும்பை பெர்மாங்கனேட்டால் அளக்கும் முறையை 1846-ல் கொண்டுவந்தவர் பிரான்சைச் சேர்ந்த மார்கெரித். நான்கு ஆண்டுகளில் டைகுரோமேட் முறையும் வந்தது. டைகுரோமேட்டுக்கும் நல்ல ஆரஞ்சு நிறம் உண்டே, அது ஏன் சுய நிறங்காட்டி ஆகவில்லை என்று நீ கேட்க வேண்டும். அதன் நிறம் பெர்மாங்கனேட் அளவுக்கு அடர்த்தி இல்லை; ஒரு சொட்டு 60 மில்லியில் விழுந்தால் தெளிந்த நீரில்கூடக் கண்டுபிடிப்பது கடினம். அதோடு டைகுரோமேட் ஒடுங்கும்போது Cr³⁺ உண்டாகிறது. அதற்குப் பச்சை நிறம். முடிவு நிலை நெருங்கும்போது குடுவை முழுதும் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்குள் மிஞ்சிய ஒரு சொட்டின் மங்கிய ஆரஞ்சை எந்தக் கண்ணாலும் பிரித்தெடுக்க முடியாது.

அதனால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வெள்ளைப் பீங்கான் ஓட்டில் பொட்டாசியம் பெர்ரிசயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக வரிசையாக வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறை டைகுரோமேட் விட்ட பிறகும், கண்ணாடிக் கோலால் குடுவையிலிருந்து ஒரு துளி எடுத்து ஓட்டில் ஒரு சொட்டோடு தொட்டுப் பார்ப்பார்கள். பெர்ரஸ் இரும்பு இன்னும் இருந்தால் நீலம் வரும். நீலம் வராத முதல் சொட்டுதான் முடிவு நிலை. ஒவ்வொரு தொடுதலிலும் குடுவையிலிருந்து கொஞ்சம் இரும்பு வெளியே போகிறது, நேரமும் போகிறது. 1924-ல் நாப் என்பவர் டைபினைல்அமீனைக் குடுவைக்குள்ளேயே சேர்க்கலாம் என்று காட்டிய பிறகுதான் டைகுரோமேட் முறை வேகம் பெற்றது. உன் மாமா சொன்ன ஊதா நிறம் இந்த டைபினைல்அமீன் குடும்பத்தின் நிறம்.

இப்போது உன் சொட்டுக்கு வருவோம். நீ அளவுகளை எழுதவில்லை, ஆகவே நானே ஒரு கணக்கை வைக்கிறேன். உங்கள் செய்முறையில் இரண்டு டைட்ரேஷன்கள் உண்டு. முதலில் திறன் தெரிந்த பெர்ரஸ் சல்பேட்டைக் கொண்டு இணைப்புக் கரைசலான பெர்மாங்கனேட்டின் திறனைக் கண்டுபிடிக்கிறாய். பிறகு அந்த பெர்மாங்கனேட்டைக் கொண்டு கொடுக்கப்பட்ட பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை அளக்கிறாய்.

பெர்ரஸ் சல்பேட் 0.1 நார்மல், 20 மில்லி எடுத்தாய், பெர்மாங்கனேட் 19.6 மில்லி இறங்கியது என்று வைத்துக்கொள். பெர்மாங்கனேட்டின் திறன் 20 × 0.1 ÷ 19.6, அதாவது 0.1020 நார்மல். அடுத்து தெரியாத கரைசல் 20 மில்லிக்கு 18.4 மில்லி இறங்கியது. அதன் திறன் 18.4 × 0.1020 ÷ 20, அதாவது 0.0939 நார்மல். பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டின் சமான எடை 392.14. பெருக்கினால் லிட்டருக்கு 36.81 கிராம் வருகிறது. அதில் உள்ள இரும்பு மட்டும் லிட்டருக்கு 5.24 கிராம்.

நிறம் தெரிவதற்காக ஒரு சொட்டு மிஞ்சியிருக்கிறது என்று சொன்னேனே, அது இந்தக் கணக்கை எவ்வளவு கெடுக்கும்? 18.4 மில்லியில் 0.05 மில்லி என்பது நூற்றுக்கு கால் பங்குக்குச் சற்று மேல். தனியாகப் பார்த்தால் லிட்டருக்கு 0.1 கிராம் பிழை. ஆனால் நீ இரண்டு டைட்ரேஷனிலும் அதே அளவு இளஞ்சிவப்பு வரும் வரை விட்டிருக்கிறாய். அந்தச் சொட்டை இரண்டிலும் கழித்துப் பார்: 19.6 என்பது 19.55 ஆகிறது, 18.4 என்பது 18.35 ஆகிறது. இப்போது கணக்கிட்டால் விடை 36.807. கழிக்காமல் கணக்கிட்டால் 36.813. வித்தியாசம் லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான், உன் பியூரெட்டால் அதைக் காணவே முடியாது. மேலேயும் கீழேயும் ஒரே பிழை உட்கார்ந்திருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகிறது.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு டைட்ரேஷனிலும் ஒரே சாயலில் நிறுத்த வேண்டும். முதலாவதில் மெல்லிய ரோஜா நிறத்திலும், இரண்டாவதில் நீ செய்ததுபோலப் பயத்தில் ஒரு சொட்டு கூடவும் நிறுத்தினால் அந்தச் சொட்டு முழுவதும் விடையில் ஏறிவிடும். ஆகவே உன் கேள்விக்கு நேர் விடை: அந்தக் கூடுதல் சொட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதல் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றது என்றால் அப்போதே பியூரெட்டைப் படித்திருக்க வேண்டும்.

நிறம் ஏன் மறைந்தது? முடிவு நிலைக்குப் பிறகு குடுவையில் மிஞ்சிய பெர்மாங்கனேட் தனியாக இல்லை, வினையில் உண்டான Mn²⁺ அயனிகளும் கூடவே இருக்கின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று மெதுவாக வினைபுரிந்து மாங்கனீசு டைஆக்சைடாகும். அளவு மிகக் குறைவு என்பதால் பழுப்பு உன் கண்ணுக்குத் தெரியாது, இளஞ்சிவப்பு குறைவது மட்டும் தெரியும். எனவேதான் ‘30 விநாடி நிலைத்திருந்தால் போதும்’ என்று விதி வைத்திருக்கிறார்கள். எப்போதும் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நிமிடம் நின்றது என்கிறாய், அது நல்ல முடிவு நிலை.

மூன்று நான்கு விநாடிகளிலேயே மறைந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் இரும்பு இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். இன்னொரு சொட்டு விட்டால் நின்றுவிடும். விட விட மறைந்துகொண்டே இருந்தால் குடுவையில் அழுக்கு, சர்க்கரை, வடிதாளின் நார் போன்ற கரிமப் பொருள் ஏதோ பெர்மாங்கனேட்டைச் சாப்பிடுகிறது. அந்த டைட்ரேஷனை விட்டுவிட்டு, குடுவையை நன்றாகக் கழுவிப் புதிதாகத் தொடங்கு.

பழுப்புக் கலங்கல் வந்தால் அது வேறு கோளாறு. அமிலம் போதவில்லை. மேலே எழுதிய வினையில் ஒரு பெர்மாங்கனேட்டுக்கு எட்டு H⁺ தேவை என்பதைப் பார். அமிலம் குறைந்தால் பெர்மாங்கனேட் Mn²⁺ வரை இறங்காமல் பாதி வழியில் MnO₂ ஆக நின்றுவிடும். அப்போது அது ஐந்துக்குப் பதில் மூன்று எலக்ட்ரான்களையே வாங்குகிறது, ஆகவே அதே இரும்புக்கு அதிக பெர்மாங்கனேட் செலவாகும். கலங்கலில் இளஞ்சிவப்பும் தெளிவாகத் தெரியாது. அவசரத்தில் அமிலம் ஊற்ற மறந்த மாணவரின் குடுவையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், தேநீர் நிறத்தில் இருக்கும். பிறகு அமிலம் ஊற்றினால் கலங்கல் தெளியலாம், ஆனாலும் அந்த அளவை எடுத்துக்கொள்ளாதே.

பியூரெட்டைப் படிப்பதிலும் ஒரு சிறு விஷயம். நிறமற்ற கரைசலில் பிறைக்கோட்டின் அடிமட்டத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெர்மாங்கனேட்டின் அடர் ஊதாவில் அடிமட்டம் தெரியாது. மேல் விளிம்பைப் படி. தொடக்கத்திலும் முடிவிலும் மேல் விளிம்பையே படித்தால் கழித்தலில் பிழை போய்விடும். ஒன்றை மேலும் மற்றொன்றைக் கீழும் படித்தால் போகாது.

சரி, மாமாவின் ஆலைக்குப் போவோம். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல், கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் இங்கே நின்றபோது படிந்தது. அதை நம்பித்தான் 1979-ல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. சிமென்டில் பெரும்பகுதி கால்சியம். இரும்பு ஆக்சைடு வழக்கமாக 3 அல்லது 4 சதவீதம் இருக்கும். சூளையில் கிளிங்கர் உருகிச் சேர்வதற்கும் சிமென்டின் சாம்பல் நிறத்துக்கும் அந்தச் சிறு பங்கு காரணம் என்பதால் அதை அளந்தே ஆக வேண்டும்.

அங்கே முதல் இடைஞ்சல் அமிலத்தில் வருகிறது. நீ பயன்படுத்துவது சல்பியூரிக் அமிலம். சிமென்டில் அதை ஊற்றினால் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், வெள்ளையாகப் படிந்து குடுவையை நிறைத்துவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தால் கால்சியம் கரைசலிலேயே இருக்கும். இரண்டாவதாக, சிமென்டில் இரும்பு பெர்ரிக் நிலையில் இருக்கிறது. டைட்ரேட் செய்வதற்கு முன்பு அதை பெர்ரஸ் ஆக்க வேண்டும். அதற்கு ஸ்டேனஸ் குளோரைடு, அதுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான். ஆகக் குடுவை முழுதும் குளோரைடு.

குளோரைடும் பெர்மாங்கனேட்டும் ஒத்துப்போகாது. பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிக் குளோரினாக்கும் வல்லமை உள்ளது. நீர்த்த குளிர்ந்த கரைசலில் தனியாக விட்டால் அந்த வினை மிக மெதுவாக நடக்கும், ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் பெர்ரஸ் இரும்பு வினைபுரிந்துகொண்டிருந்தால் அது குளோரைடின் வினையையும் தூண்டிவிடுகிறது. பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி இரும்புக்குப் போகாமல் குளோரைடுக்குப் போகிறது. டைட்டர் மதிப்பு கூடுகிறது, இரும்பு இருப்பதைவிட அதிகமாகத் தெரிகிறது. மூக்கை அருகில் கொண்டுபோனால் குளோரின் வாடை மெலிதாக வரும். முடிவு நிலையின் இளஞ்சிவப்பு ஒழுங்காகத்தான் வரும், தவறு நடந்ததை அது காட்டிக்கொடுக்காது. உன் வகுப்பில் யாராவது சல்பியூரிக்குக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிட்டால் இதுதான் நடக்கும். நைட்ரிக் அமிலம் எடுத்தால் நேர்மாறு: அதுவே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும், டைட்டர் குறையும்.

மாங்கனீசு சல்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்த ஜிம்மர்மான்-ரைன்ஹார்ட் கரைசலைச் சேர்த்து, குளோரைடு இருந்தாலும் பெர்மாங்கனேட்டையே பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான அந்த முறை இரும்புத்தாது ஆலைகளில் நெடுநாள் ஓடியது. சிமென்ட் சோதனையில் டைகுரோமேட்டை வைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை டைகுரோமேட் தொடாது. அதோடு, டைகுரோமேட் உப்பை எடை போட்டுக் கரைத்தாலே திறன் துல்லியமாகக் கிடைத்துவிடும், கரைசல் மாதக்கணக்கில் மாறாது. பெர்மாங்கனேட் அப்படியில்லை. தூசியும் வெளிச்சமும் பட்டால் திறன் குறையும், பழுப்பு நிறப் புட்டியில் வைக்க வேண்டும், அவ்வப்போது திறனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அதை ‘இணைப்புக் கரைசல்’ என்று திறன் எழுதாமல் கொடுப்பதும் இதனால்தான்.

மாமா செய்திருக்கக்கூடிய வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிராம் சிமென்டை நீரிலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் கொதிக்கவைத்துக் கரைப்பார். பெர்ரிக் குளோரைடின் மஞ்சள் நன்றாகத் தெரியும். சூடாக இருக்கும்போதே ஸ்டேனஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விடுவார், மஞ்சள் போய் நிறமற்றதானதும் ஒரு சொட்டு கூட விட்டு நிறுத்துவார். மிஞ்சிய ஸ்டேனஸ் குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும் என்பதால், குளிரவைத்து மெர்க்குரிக் குளோரைடு சேர்ப்பார். பட்டுப்போல வெள்ளையாக ஒரு மெல்லிய படிவு வர வேண்டும். சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ வந்தால் ஸ்டேனஸ் குளோரைடு அதிகமாகிப் பாதரசமே வெளிப்பட்டுவிட்டது, கொட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். படிவே வராவிட்டால் ஸ்டேனஸ் போதவில்லை, இரும்பு முழுதும் பெர்ரஸ் ஆகவில்லை. பிறகு பாஸ்பாரிக் அமிலம், இரண்டு சொட்டு பேரியம் டைபினைல்அமீன் சல்போனேட், அதற்கப்புறம் 0.05 நார்மல் டைகுரோமேட். பச்சை மெல்ல இருண்டு, ஒரே சொட்டில் அடர் ஊதாவாக மாறி, மேலும் விட்டாலும் மாறாமல் நின்றால் முடிவு. அந்தத் திறனில் ஒரு மில்லி டைகுரோமேட் 4 மில்லிகிராம் இரும்பு ஆக்சைடுக்குச் சமம். ஒரு கிராம் சிமென்டுக்கு 9 மில்லி இறங்கினால் 36 மில்லிகிராம், அதாவது 3.6 சதவீதம்.

இதில் பாஸ்பாரிக் அமிலத்தின் வேலை உன் குடுவையில் செய்வதைவிடப் பெரியது. அந்த ஊதா நிறங்காட்டி ஏறக்குறைய 0.85 வோல்ட்டில் நிறம் மாறும். இரும்பின் சொந்த மின்னழுத்தம் அதற்கு மிகப் பக்கத்திலேயே இருப்பதால், இரும்பு தீர்வதற்கு முன்பே நிறங்காட்டி அவசரப்பட்டு ஊதாவாகிவிடும். பெர்ரிக்கைப் பாஸ்பேட் கட்டிப்போட்டதும் இரும்பின் மின்னழுத்தம் கீழே இறங்குகிறது, நிறங்காட்டி சரியான இடத்தில் மாறுகிறது. தனி நிறங்காட்டி வைத்தால் இப்படி அதன் மாறுநிலை சமான நிலையோடு பொருந்துகிறதா என்று கவலைப்பட வேண்டியிருக்கிறது. பெர்மாங்கனேட்டில் அந்தக் கவலையே இல்லை, மிஞ்சினால்தானே அதன் நிறம் தெரியும்? பாதரசம் நஞ்சு என்பதாலும் நேரம் பிடிப்பதாலும் இன்று ஆலைகளில் அன்றாடச் சோதனையை எக்ஸ் கதிர்க் கருவிகள் செய்துவிடுகின்றன. ஊதா நிறத்தைக் கண்ணால் பார்த்து வேலை செய்த தலைமுறை உன் மாமாவுடையது, அவரிடம் அந்தப் பட்டுப் படிவைப் பற்றிக் கேட்டுப் பார்.

கடைசியாக ஒன்று. பெர்மாங்கனேட்டையே வைத்துக்கொண்டாலும் தனி நிறங்காட்டி தேவைப்படும் நேரம் உண்டு. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து 0.002 மோலார் ஆக்கினால் ஒரு சொட்டு தரும் நிறமும் பத்தில் ஒன்றாகி, லிட்டருக்கு 1.7 மைக்ரோமோலுக்கு வந்துவிடும். நம் கண்ணின் எல்லை 2 என்று சொன்னேன். அப்போது முதல் சொட்டு மிஞ்சியது தெரியாமலே போகும், இரண்டு மூன்று சொட்டுகள் விட்ட பிறகே சாயல் வரும். சிறிதளவு இரும்பை அளக்க இப்படி நீர்த்த கரைசலை எடுப்பவர்கள் பெர்ராயின் போன்ற நிறங்காட்டியைச் சேர்க்கிறார்கள், அல்லது வெற்றுச் சோதனை செய்து கழிக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியரிடம் கேட்டு நீயே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு குடுவையில் 40 மில்லி வாலை வடிநீரும் 20 மில்லி நீர்த்த சல்பியூரிக் அமிலமும் எடு. இரும்பு வேண்டாம். வெள்ளைத் தாள் மேல் வைத்து, இணைப்புக் கரைசலை ஒரு சொட்டு விடு, நிறம் உடனே தெரியும். அதே கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, இன்னொரு குடுவையில் அதையே செய், எத்தனையாவது சொட்டில் நிறம் தெரிகிறது என்று குறித்துக்கொள். அந்த எண்ணிக்கையை 0.05-ஆல் பெருக்கினால், அந்தக் கரைசலைக் கொண்டு செய்யும் ஒவ்வொரு டைட்ரேஷனிலும் கழிக்க வேண்டிய மில்லி எவ்வளவு என்று கிடைத்துவிடும்.